பள்ளித் தவணையில் இரண்டு வார வெளிநாட்டுப் பயணம்: பள்ளிக்கு எழுதும் கடிதமும் விடுபட்ட பாடங்களுக்கான திட்டமும்

பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியராக இருந்தபோது, பயணத்துக்காக விடுப்புக் கேட்டு வந்த கடிதங்கள் பலவற்றைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை "குடும்ப விஷயமாக இந்தியா செல்வதால் என் மகன் இரண்டு வாரம் பள்ளிக்கு வர இயலாது" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்தெந்த நாள் வருகைப் பதிவில் என்ன குறிப்பது, எந்தப் பாடம் விடுபடும், பிள்ளை திரும்பி வந்ததும் யார் என்ன செய்வது என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் விடை கிடைக்காது. பெற்றோர் பக்கம் நின்று அந்த விடைகளை எப்படித் தயாரிப்பது என்பதைப் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் பயணத்தை மாதிரியாக வைத்து எழுதுகிறேன். தஞ்சாவூரில் தாத்தாவின் எண்பதாம் திருமணத்துக்காக ஜூலை 4 சனிக்கிழமை புறப்பட்டு ஜூலை 18 சனிக்கிழமை திரும்பும் குடும்பம் அது. பிள்ளை நான்காம் ஆண்டில் படிக்கிறாள்.

பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்

முதலில் பள்ளியின் ஆண்டு நாட்காட்டியை, நாம் தக்விம் என்று சொல்கிறோமே அதை, வகுப்பாசிரியரிடமோ பள்ளி அலுவலகத்திலோ கேட்டு வாங்குங்கள். கல்வி அமைச்சு வெளியிடும் விடுமுறைப் பட்டியல் மட்டும் போதாது. விளையாட்டுப் போட்டி, வகுப்புசார் மதிப்பீட்டுக்கான வாரங்கள், பள்ளி தானாக எடுத்துக்கொள்ளும் சிறப்பு விடுமுறை ஆகியவை தக்விமில்தான் இருக்கும். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கல்வியாண்டின் இறுதியில் தேர்வு உண்டு. அந்த வாரங்களை ஒட்டிப் பயணம் அமைந்தால், கடிதத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை, பயணத் தேதியை மாற்றுவதே வழி.

அடுத்து, விடுபடும் நாள்களைச் சரியாக எண்ண வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் "பதினைந்து நாள்" என்று எழுதுவார்கள். பள்ளிக்கு வேண்டியது பள்ளி நாள்களின் கணக்கு. நம் மாதிரியில் ஜூலை 6 முதல் 10 வரையும் 13 முதல் 17 வரையும் பத்து வேலை நாள்கள் வருகின்றன. அவற்றில் ஜூலை 7, ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நாளுக்காகப் பினாங்கு மாநிலத்தில் பொது விடுமுறை. ஆகவே பிள்ளை உண்மையில் தவறவிடுவது ஒன்பது பள்ளி நாள்கள்தாம். இதே பயணத்தைக் கோலாலம்பூரில் இருந்து மேற்கொள்ளும் குடும்பத்துக்கு அந்த விடுமுறை கிடையாது, அவர்கள் பத்து நாள் என்றே எழுத வேண்டும். பதினைந்து என்று படிக்கும் ஆசிரியர் மூன்று வாரப் பாடம் போய்விட்டதாகக் கவலைப்படுவார், ஒன்பது என்று படிப்பவர் எந்தெந்தப் பாடவேளைகள் என்று அப்போதே கணக்கிடத் தொடங்குவார்.

திரும்பும் நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு நள்ளிரவில் இறங்கும் விமானத்தில் மலிவாக இடம் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தால், திங்கட்கிழமை பிள்ளை வரமாட்டாள் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை திரும்பினால் ஞாயிறு முழுவதும் ஓய்வுக்குக் கிடைக்கும், திங்கள் காலை வருவாள் என்று கடிதத்தில் துணிந்து எழுதலாம்.

கடிதத்தால் ஆவதும் ஆகாததும்

மலேசியாவில் 2003 முதல் தொடக்கக்கல்வி சட்டப்படி கட்டாயம். ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவு கணினி முறையில் ஏறுகிறது. காரணம் தெரிவிக்காமல் தொடர்ந்து மூன்று நாள் வராத மாணவருக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது வழக்கமான நடைமுறை. பெற்றோரின் கடிதம் கோப்பில் இருந்தால், காரணம் தெரிந்த வராமை என்று பள்ளி அதைப் பதியவும், எச்சரிக்கைக் கடிதம் தேவையில்லை என்று முடிவெடுக்கவும் ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

ஆனால் கடிதம் கொடுத்துவிட்டால் வராத நாள் வந்த நாளாக மாறிவிடும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி மாறாது. ஒன்பது நாளும் வராத நாள்களாகவே இருக்கும், ஆண்டு முடிவில் வருகை விழுக்காட்டில் அது தெரியும். முழு வருகைக்கான பரிசு எதிர்பார்க்கும் பிள்ளையிடம் இதைப் பயணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பரிசளிப்பு நாளில் அவள் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

ஆகவே கடிதத்தில் "அனுமதி வழங்கியமைக்கு நன்றி" என்று முன்கூட்டியே முடிவு கட்டி எழுத வேண்டாம். பயணத்தைத் தெரிவித்து, பள்ளியின் இசைவையும் வழிகாட்டலையும் கேட்பதே பொருத்தமான தொனி.

காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். ஒரு முறை, காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டு ஊருக்குப் போன குடும்பத்தின் பையன், திரும்பி வந்த அன்று காலையிலேயே பெரிய கோவிலின் நந்தியைப் பற்றி வகுப்பு முழுவதற்கும் உற்சாகமாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டான். பொய் சொன்னது பிள்ளையல்ல, இருந்தும் அந்தக் கூச்சத்தைச் சுமந்தது அவன்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

முதலில் பேச்சு, பிறகு கடிதம்

புறப்படுவதற்கு நான்கு வாரம் இருக்கும்போது வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். பிள்ளையை ஏற்றிச்செல்ல வரும் நேரத்தில் வாசலில் நிறுத்திக் கேட்காமல், ஒரு பத்து நிமிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். கேட்க வேண்டியவை இரண்டே. அந்த இரண்டு வாரத்தில் எந்தப் பாடத்தில் எந்தத் தலைப்பு நடக்கும்? அந்த நாள்களில் வகுப்புசார் மதிப்பீடு ஏதேனும் இருக்கிறதா?

முதல் கேள்விக்கு விடை ஆசிரியரிடம் தயாராகவே இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரவாரியான ஆண்டுப் பாடத்திட்டம் உண்டு, அதைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். "இரண்டு வாரத்துக்கான வீட்டுப்பாடத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஒருவர், இன்னும் நடத்தாத பாடத்துக்கு ஒரு பிள்ளைக்காகத் தனிப் பயிற்சி தயாரிக்க வேண்டும் என்பது அதன் பொருள். தலைப்புகளை வாங்கிக்கொண்டு, பாடநூலிலும் நடவடிக்கை நூலிலும் எந்தப் பக்கங்கள் என்பதை நீங்களே பார்த்து, ஒரு திட்டமாக எழுதி, "இது சரியா என்று பாருங்கள், ஆசிரியை" என்று நீட்டினால், அவர் பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் திருத்தித் தருவார். வேலையை இறக்கிவைத்தவருக்கும் செய்த வேலையைக் காட்டித் திருத்தம் கேட்டவருக்கும் கிடைக்கும் உதவி ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டாம் கேள்வி அதைவிட முக்கியமானது. வகுப்புசார் மதிப்பீடு ஒரே நாளில் எழுதும் தேர்வு அல்ல. வாய்மொழி, படைப்பு, எழுத்து வேலை, வகுப்பில் கவனிப்பது என்று ஆசிரியர் பல வழிகளில் பார்த்து, ஒன்று முதல் ஆறு வரையுள்ள அடைவுநிலைகளில் ஒன்றைப் பதிவார். பிள்ளை இல்லாத வாரத்தில் ஒரு கற்றல் தரம் பார்க்கப்பட்டால், அவள் பெயருக்கு நேரே அந்த இடம் வெறுமையாக நிற்கும். திரும்பிய பிறகு எந்த நாளில் அதை நிறைவு செய்யலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம்

கடிதத்தைத் தலைமையாசிரியரின் பதவிக்கு முகவரியிட்டு, வகுப்பாசிரியர் வழியாகக் கொடுக்க வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது அது அலுவலகத்தில் இருக்க வேண்டும். வகுப்பு வாட்சப் குழுவில் போட்ட செய்தியைக் கடிதமாக எண்ண வேண்டாம். வகுப்பாசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கும் நாளில் வேறோர் ஆசிரியர் வருகையைப் பதிவார், அவருக்கு அந்தக் குழுவில் இடமே இருக்காது. இரண்டு படி எடுத்து, ஒன்றில் கிராணியிடம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பள்ளியில் இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் எழுதுங்கள், ஏனென்றால் கோப்பு வகுப்புவாரியாக இருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே எழுதலாம். அலுவலகக் கோப்புக்கு மலாய்மொழியில் வேண்டும் என்று சில பள்ளிகள் கேட்கும். அப்போது பொருள் வரியில் "மக்லுமான் கெதிடாக்ஹாடிரான் மூரிட்" என்று இட்டு, இதே செய்தியை அதே வரிசையில் எழுதினால் போதும். நம் மாதிரிக் குடும்பத்தின் கடிதம் இப்படி அமையும்.

> 18 ஜூன்
>
> மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,
> வகுப்பாசிரியர், ஆண்டு 4, வழியாக.
>
> பொருள்: வெளிநாட்டுப் பயணத்தின் காரணமாக ஒன்பது பள்ளி நாள்கள் வர இயலாமை
>
> வணக்கம். ஆண்டு 4-இல் பயிலும் என் மகள் (பெயர், பிறப்புப் பத்திர எண்), தன் தாத்தாவின் எண்பதாம் திருமணத்தில் கலந்துகொள்ள எங்களோடு தமிழ்நாட்டின் தஞ்சாவூருக்கு வருகிறாள். ஜூலை 4 அன்று புறப்பட்டு ஜூலை 18 அன்று திரும்புகிறோம்.
>
> இதனால் ஜூலை 6, 8, 9, 10, 13, 14, 15, 16, 17 ஆகிய ஒன்பது பள்ளி நாள்கள் அவளால் வர இயலாது. ஜூலை 20 திங்கட்கிழமை அவள் பள்ளிக்குத் திரும்புவாள்.
>
> சடங்கின் நாள் குடும்பத்தில் முன்பே குறிக்கப்பட்டதால், பள்ளி விடுமுறைக்கு மாற்ற இயலவில்லை. விடுபடும் பாடங்களை ஈடுசெய்ய, வகுப்பாசிரியரிடம் கேட்டறிந்த தலைப்புகளின் அடிப்படையில் ஒரு திட்டம் தயாரித்து இணைத்துள்ளேன். அதைச் செய்விக்கும் பொறுப்பு எங்களுடையது. அந்நாள்களில் நடைபெறும் மதிப்பீடுகளை அவள் திரும்பியபின் நிறைவு செய்ய வாய்ப்பளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> பள்ளியின் இசைவையும், திட்டத்தில் செய்ய வேண்டிய திருத்தங்களையும் எதிர்பார்க்கிறேன். பயணத்தின்போது (எண்) என்ற வாட்சப் எண்ணில் என்னைத் தொடர்புகொள்ளலாம்.
>
> இப்படிக்கு,
> (பெற்றோர் பெயர், கையொப்பம்)
>
> இணைப்பு: பயணச்சீட்டுப் படி, ஈடுசெய்யும் திட்டம்

பயணச்சீட்டின் படியை இணைக்கும்போது கடப்பிதழ் எண்ணையும் முன்பதிவுக் குறியீட்டையும் கறுப்பு மையால் மறைத்துவிடுங்கள். பள்ளிக்குத் தேவையானவை பெயரும் தேதிகளும் மட்டுமே. பிள்ளை பள்ளியில் இலவச உணவுத் திட்டத்தில் இருந்தால் அந்தப் பொறுப்பாசிரியருக்கும், பள்ளி வேன் ஓட்டுநருக்கும் தனியே சொல்லிவிடுங்கள்.

திட்டத்தை எப்படி அளப்பது

விடுபட்ட எல்லாவற்றையும் செய்வோம் என்ற திட்டம் மூன்றாம் நாளில் கைவிடப்படும். பாடங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் அளவு தானாக அமையும். அவை உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை, திரும்பும்வரை காத்திருக்கக்கூடியவை, ஆசிரியர் இல்லாமல் முடியாதவை.

உடன் எடுத்துச் செல்ல வேண்டிய முதல் பாடம் கணிதம். அதில் இன்றைய பாடம் நேற்றைய பாடத்தின்மேல் நிற்கிறது. ஒரு படி விடுபட்டால் திரும்பி வந்த நாளில் வகுப்பில் நடப்பது புரியாது. இரண்டாவது பாடம் எது என்று கேட்டால் பெற்றோர் பலரும் தமிழ் என்பார்கள். நான் மலாய்மொழி என்பேன். தஞ்சாவூரில் இரண்டு வாரம் இருக்கும் பிள்ளையின் காதில் காலை முதல் இரவு வரை தமிழ் விழும், பாட்டியும் அத்தைகளும் அவளுக்குப் புதுச்சொற்களை அள்ளிக்கொடுப்பார்கள். மலாய்மொழி ஒரு சொல்கூட விழாது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு மலாய்மொழியோடுள்ள தொடர்பு பெரும்பாலும் பள்ளியில்தான் இருக்கிறது, அது பதினைந்து நாள் அறுபட்டால் கட்டுரை எழுதும்போது தெரியும். ஆகவே ஒரு மெல்லிய மலாய்க் கதைப்புத்தகம் பையில் இருக்கட்டும். படித்ததை நிலாம் வாசிப்புப் பதிவில் சேர்த்துவிடவும் முடியும்.

அறிவியலும் வரலாறும் பெரும்பாலும் காத்திருக்கலாம், திரும்பி வந்து வாசித்துப் புரிந்துகொள்ள முடியும். அறிவியல் பரிசோதனை, உடற்கல்வி, இசை, குழு வேலை ஆகியவை ஆசிரியர் இல்லாமல் ஆகாதவை. அவற்றைத் திட்டத்தில் சேர்க்காமல், மதிப்பீடு விடுபட்டிருந்தால் மட்டும் ஆசிரியரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாதிரியில், சடங்கு ஜூலை 10 முதல் 12 வரை. விடுபடும் பள்ளி நாள்களில் சடங்கு நாளையும், சடங்கு முடிந்த அடுத்த நாளையும், ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளையும் தள்ளிவிட்டால், ஜூலை 6, 8, 9, 14, 15, 16 என ஆறு நாள் மீதமாகும். நாளுக்கு 45 நிமிடம், அதில் கணிதத்துக்கு 25, மலாய்மொழிக்கு 20. மொத்தம் நான்கரை மணி நேரம். இது குறைவாகத் தோன்றலாம், ஆனால் உறவினர் நிறைந்த வீட்டில் உண்மையில் நடக்கக்கூடியது இதுவே. நேரம் காலையில் இருக்கட்டும். இந்திய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. முதல் சில நாள் பிள்ளை அங்கே விடியுமுன்னே விழித்துக்கொள்வாள். மற்றவர்கள் எழுவதற்கு முன் கிடைக்கும் அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த வாரங்களில் கணிதத்தில் நேரம் என்ற தலைப்பு நடப்பதாக வைத்துக்கொண்டால், பயணச்சீட்டே பயிற்சித்தாளாகிவிடும். அதில் 24 மணி முறையில் அச்சிட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்தை 12 மணி முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு பயணம் எவ்வளவு நேரம் என்று கணக்கிடச் சொல்லுங்கள். இறங்கும் நேரம் இந்திய நேரத்தில் இருப்பதால் நேரே கழித்தால் விடை தவறாக வரும், இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும். அதை அவளே கண்டுபிடிக்கும்வரை வாய் திறக்காமல் இருங்கள்.

புத்தகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாடநூல்கள் இரவல் திட்டத்தில் பள்ளி கொடுத்தவை, தொலைந்தால் ஈடுகட்ட வேண்டும். டெலிமா தளத்தில் பாடநூல்கள் மின்னூலாக இருக்கின்றன. வேண்டிய பக்கங்களைப் புறப்படுமுன் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, நடவடிக்கை நூலையும் ஓர் எழுத்துப் புத்தகத்தையும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையின் டெலிமா அடையாளமும் கடவுச்சொல்லும் வேலை செய்கின்றனவா என்று வீட்டில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். கடவுச்சொல்லை மீட்டுத்தரக் கூடியவர் பள்ளியில்தான் இருக்கிறார்.

திரும்பிய பிறகு

ஜூலை 20 முதல் 31 வரை பத்து பள்ளி நாள்கள் இருக்கின்றன. முதல் நாளை விட்டுவிட்டு, நாளுக்கு அரை மணி நேரம் என்றால் நான்கரை மணி நேரம், அது போதும். முதல் வார இறுதியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட முயன்றால், அந்த வாரத்து வீட்டுப்பாடமும் சேர்ந்து பிள்ளை களைத்துவிடுவாள்.

முதல் நாள் படிப்பு வேண்டாம். அன்று செய்ய வேண்டியது, செய்த வேலைகளை ஆசிரியரிடம் காட்டுவதும் விடுபட்ட குறிப்புகளை வாங்குவதும்தான். நண்பியின் குறிப்புகளைப் பிள்ளை முழுவதும் பார்த்தெழுத வேண்டும் என்று பல வீடுகளில் வற்புறுத்துகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. பார்த்தெழுதும் கை ஓடும், மனம் ஓடாது. ஒன்பது நாள் குறிப்பை எழுதவே நான்கைந்து மாலை போய்விடும். ஆசிரியர் இசைந்தால் குறிப்புகளை நகலெடுத்துப் புத்தகத்தில் ஒட்டிவிட்டு, மிச்சமாகும் நேரத்தைப் பயிற்சிகளுக்குக் கொடுங்கள்.

அடுத்த நான்கு நாளும் கணிதம். இரண்டாம் வாரத்தில் இரண்டு நாள் அறிவியல், இரண்டு நாள் வரலாறு, கடைசி நாள் ஒரு மலாய்க் கட்டுரை. ஒரு தலைப்பு பிடிபட்டுவிட்டதா என்பதை அறிய, அதிலிருந்து ஐந்து கணக்குகளை எடுத்துக்காட்டு இல்லாத வெற்றுத்தாளில் எழுதிக் கொடுங்கள். நான்கு சரியாக வந்தால் அடுத்ததற்குப் போகலாம். விடை சரியாக இருந்தும் ஒவ்வொரு கணக்குக்கும் பாடநூலைத் திருப்பிப் பார்த்தால், முறை இன்னும் பிடிபடவில்லை என்று கொள்ளுங்கள். அந்தத் தலைப்பை மட்டும் ஆசிரியரிடம் சொன்னால், வகுப்பில் அவர் அவள் பக்கம் ஒரு முறை கூடுதலாக வந்து நிற்பார்.

பயணம் திட்டப்படி முடியாமல் போவதும் உண்டு. விமானம் தள்ளிப்போனால் அன்றே வகுப்பாசிரியருக்குச் செய்தி அனுப்பி, திரும்பியதும் புதிய தேதியோடு இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள். பழைய கடிதம் ஜூலை 17-உடன் முடிந்துவிடுகிறது, 20-ஆம் தேதி வராவிட்டால் அது காரணம் தெரியாத வராமையாகவே பதிவாகும். ஊரிலிருந்து வந்ததும் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டால் மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தனியே கொடுங்கள். அதைப் பயணக் கடிதத்தோடு சேர்க்க வேண்டாம்.

ஜூலை 31 அன்று, திட்டத்தில் முடிந்தவற்றுக்கு நேரே தேதியிட்டு, முடியாதவற்றை வட்டமிட்டு, அந்தத் தாளை வகுப்பாசிரியரிடம் திருப்பிக் கொடுங்கள். எனக்கு அப்படி ஒரு தாளைக் கொடுத்த தாய் ஒருவர், வரலாற்றில் இரண்டு பக்கத்தை வட்டமிட்டு, "இது மட்டும் முடியவில்லை, ஆசிரியை" என்று எழுதியிருந்தார். மறுநாள் அந்த இரண்டு பக்கத்தை நானே பிள்ளைக்கு ஓய்வுநேரத்தில் சொல்லிக்கொடுத்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.